ஒரே வீத வரியா, வளர்வீத வரியா? மூன்று வருமானங்களில் ஒரு கணக்கு

*கேள்வி: நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். கழிவுகள் எல்லாம் போக, வரி போடப்படும் ஆண்டு வருமானம் தம்பிக்கு 10 லட்சம், எனக்கு 20 லட்சம், அக்காவுக்கு 40 லட்சம். மூவருமே சம்பளக்காரர்கள், புதிய வரி முறையில் இருக்கிறோம். எல்லோருக்கும் 10 சதவீதம் என்று ஒரே வீதம் வைத்தாலும் நான் உங்களைவிடக் கூடுதலாகத்தானே கட்டுவேன், பிறகு எதற்கு ஸ்லாப் என்கிறார் அக்கா. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது யார் எவ்வளவு பங்கு கட்டுகிறோம், ஒரே வீதமானால் அது எப்படி மாறும் என்பதை எங்கள் எண்களை வைத்தே சொல்ல முடியுமா? என் சம்பளம் 24 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 30 சதவீதம் போய்விடும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?*

*வாசகர், திருச்சி*

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் மூவரின் வருமானமும் இந்தக் கணக்குக்கு மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. கணக்கைத் தொடங்குவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருவர் கட்டும் வரியை இரண்டு விதமாக அளக்கலாம்: அவருடைய சொந்த வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்பது ஒன்று, மூவரிடமிருந்தும் அரசுக்குப் போகும் மொத்தத் தொகையில் அவருடையது எத்தனை சதவீதம் என்பது மற்றொன்று. அக்கா சொல்வது இவை இரண்டும் அல்ல, கட்டும் ரூபாயின் அளவு. எந்த முறையை வைத்தாலும் கூடுதலாகச் சம்பாதிப்பவர் கூடுதல் ரூபாய் கட்டுவார் என்பதால், எந்த முறை சிறந்தது என்று தீர்மானிக்க அந்த அளவு உதவாது.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல் 24 லட்சம் வரை நான்கு நான்கு லட்சமாக ஸ்லாப் ஏறுகிறது. வீதமும் 5, 10, 15, 20, 25 என்று ஐந்தைந்தாக ஏறுகிறது. 24 லட்சத்துக்கு மேல் வருவது எவ்வளவானாலும் அதற்கு 30 சதவீதம். இதன்மேல் வரித்தொகையில் 4 சதவீதம் செஸ் உண்டு. செஸ் மூவருக்கும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் பங்குகளை மாற்றாது. எனவே அதைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கிறேன். 50 லட்சத்துக்கு மேல் வரும் கூடுதல் வரியான சர்சார்ஜ் உங்களில் எவரையும் தொடவில்லை.

உங்களிடமிருந்து தொடங்குகிறேன். உங்களுடைய 20 லட்சம் ஐந்து நான்கு லட்சங்களாகச் சரியாகப் பிரிகிறது. முதல் நான்குக்கு ஒன்றுமில்லை. அடுத்தடுத்த நான்குகளுக்கு முறையே 20,000, 40,000, 60,000, 80,000. மொத்தம் 2,00,000 ரூபாய், அதாவது உங்கள் வருமானத்தில் 10 சதவீதம். அக்காவுக்கும் இந்த 20 லட்சம் வரை இதே 2,00,000தான். அவர் வருமானம் பெரியது என்பதற்காக அந்தப் பகுதிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்குவதில்லை. 20இலிருந்து 24 லட்சம் வரையிலான பகுதிக்கு 1,00,000, அதற்கு மேலுள்ள 16 லட்சத்துக்கு 30 சதவீதமாக 4,80,000. ஆக மொத்தம் 7,80,000. அவர் தன்னை 30 சதவீத ஸ்லாப்காரர் என்று நினைத்திருப்பார். உண்மையில் அவர் வருமானத்தில் வரியாகப் போவது 19.5 சதவீதம். தம்பிக்கு ஸ்லாப் கணக்குப்படி 40,000 வருகிறது. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், அந்த 40,000 முழுவதும் கழிந்து அவர் கட்டுவது சுழியமாகிறது.

மூவரின் வருமானமும் சேர்ந்து 70 லட்சம்; மூவர் கட்டும் வரியும் சேர்ந்து 9,80,000. ஒரே வீதத்தோடு ஒப்பிடும்போது பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம் இதுதான். 10 சதவீதம் என்ற அக்காவின் வீதத்தில் மூவரிடமிருந்தும் வருவது 7,00,000 மட்டுமே; 2,80,000 குறைகிறது. அந்த வீதத்தில் உங்கள் வரி மாறாது, தம்பிக்கு ஒரு லட்சம் ஏறும், அக்காவுக்கு 3,80,000 குறையும். குறையும் தொகையை எந்தச் செலவிலிருந்து அரசு வெட்டும் என்ற கேள்விக்கு விடை இல்லை. வரி முறையை மாற்றுவது ஒரு விஷயம், மொத்த வரியைக் குறைப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், ஒரே வீதத்தால் கிடைத்த லாபம் எது, அரசு வருவாய் குறைந்ததால் கிடைத்த லாபம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. எனவே இரண்டு முறைகளிலும் அதே 9,80,000 வசூலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான ஒப்பீடு. 70 லட்சத்திலிருந்து 9,80,000 எடுக்க வேண்டுமானால் வீதம் 14 சதவீதம்.

அந்த 14 சதவீதத்தில் தம்பி 1,40,000, நீங்கள் 2,80,000, அக்கா 5,60,000 கட்டுவீர்கள். இப்போதைய நிலையோடு ஒப்பிட்டால் தம்பிக்கு 1,40,000 ஏறுகிறது, உங்களுக்கு 80,000 ஏறுகிறது, அக்காவுக்கு 2,20,000 குறைகிறது. அக்காவுக்குக் குறைந்ததைத்தான் நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்கிறீர்கள். நீங்கள் உங்களை நடுவில் நிற்பவராகக் கருதி இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் கணக்கில் நீங்கள் தம்பியின் பக்கம்தான் நிற்கிறீர்கள்.

மொத்த வசூலில் ஒவ்வொருவரின் பங்கும் இப்படி மாறுகிறது:

| | வருமானத்தில் பங்கு | இப்போதைய வரியில் பங்கு | 14% ஒரே வீதத்தில் பங்கு |
|---|---|---|---|
| தம்பி | 14.3% | 0% | 14.3% |
| நீங்கள் | 28.6% | 20.4% | 28.6% |
| அக்கா | 57.1% | 79.6% | 57.1% |

அட்டவணையின் முதல் நெடுவரிசையும் கடைசி நெடுவரிசையும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். விலக்கு எதுவும் இல்லாத ஒரே வீத வரியின் இயல்பு அது: வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ, வரியிலும் அதே பங்கு, வரி கட்டிய பின் கையில் மிஞ்சுவதிலும் அதே பங்கு. மூவருக்கிடையே வரிக்கு முன் இருந்த இடைவெளியை அது கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வருமானம் ஏற ஏற வீதமும் ஏறும் இப்போதைய முறையில், அதாவது வளர்வீத வரியில், வரிக்குப் பின் தம்பிக்கு 10 லட்சம், உங்களுக்கு 18 லட்சம், அக்காவுக்கு 32,20,000 மிஞ்சுகிறது. வரிக்கு முன் தம்பியைப்போல் நான்கு மடங்கு பெற்ற அக்கா, வரிக்குப் பின் சற்றேறக்குறைய மூன்றேகால் மடங்கு பெறுகிறார். அவ்வளவுதான் நடக்கிறது, வரிசை மாறவில்லை, அக்கா அக்காவாகவே முன்னால் இருக்கிறார். ஸ்லாப் முறை உழைப்பவரைக் கீழே தள்ளிவிடுகிறது என்று பேசப்படும்போது இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நாம் மறைக்கக் கூடாது. கூடுதலாக ஒரு ரூபாய் சம்பாதித்தால் அதில் எவ்வளவு போகும் என்பதுதான், இன்னும் ஓர் இரவுப் பணியை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஒருவர் பார்க்கும் எண். அது இப்போது அக்காவுக்கு ரூபாய்க்கு 30 காசு. ஒரே வீதத்தில் 14 காசுதான். பொருளியலில் இதை இறுதிநிலை வரி வீதம் என்பார்கள். வருமானத்தில் மொத்தமாக எவ்வளவு போகிறது என்பது சராசரி வீதம். இந்தியாவில் 1973-74இல் மேல்வரியும் சேர்த்து உச்ச இறுதிநிலை வீதம் 97.75 சதவீதமாக இருந்தது. அந்த அடுக்கை எட்டியவருக்கு நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய் மிஞ்சியது. அத்தகைய வீதத்தில் வருமானத்தை மறைப்பதற்கான தூண்டுதல், அதை ஈட்டுவதற்கான தூண்டுதலைவிடப் பெரிதாகிவிடும். எனவே வளர்வீத வரி எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 30 சதவீதத்தை அந்தக் காலத்து வீதத்தோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவதும் சரியாகாது.

24 லட்சத்தைப் பற்றிய உங்கள் அச்சம் சராசரி வீதத்தையும் இறுதிநிலை வீதத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. உங்கள் வருமானம் சரியாக 24 லட்சமானால் வரி 3,00,000. 25 லட்சமானால் வரி 3,30,000. கூடுதலாக வந்த ஒரு லட்சத்துக்கு மட்டும் 30 சதவீதம் போகிறது. 70,000 உங்கள் கையில் நிற்கிறது. சராசரி வீதம் 12.5இலிருந்து 13.2 ஆகிறது. ஆகவே ஸ்லாப் எல்லையைத் தாண்டிவிடுவோம் என்று பதவி உயர்வையோ ஊதிய உயர்வையோ தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆனால் இதே புதிய வரி முறையில் உண்மையான ஒரு பள்ளம் இருக்கிறது. அது தம்பியின் பாதையில், 12 லட்சத்தில் இருக்கிறது. 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி சுழியம். 12,50,000 என்றானதும் தள்ளுபடி நீங்கி, ஸ்லாப் கணக்குப்படி 67,500 வந்து நிற்கும். 50,000 கூடுதலாகச் சம்பாதித்தவர் 67,500 கட்ட வேண்டிவரும். இதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப் என்ற நிவாரணம் இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ அதைவிட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்பது விதி. எனவே அவர் கட்டுவது 50,000. செஸ் அதன்மேல் 2,000. ஊதிய உயர்வு முழுவதும் போய், கையிலிருந்தும் 2,000 போகிறது. ஏறத்தாழ 12,70,600 ரூபாய் வரை இந்த நிலை நீடிக்கிறது. அதன் பிறகுதான் கூடுதல் ரூபாயில் 15 காசு என்ற வழக்கமான கணக்குக்குத் திரும்புகிறது. இது ஸ்லாபுகளின் குறையன்று. ஸ்லாபுகள் படிப்படியாகவே ஏறுகின்றன. குறிப்பிட்ட ஓர் எல்லையில் மொத்தமாக நீங்கும் தள்ளுபடிதான் பள்ளத்தை உண்டாக்குகிறது. தம்பியின் வருமானம் அந்த எல்லையை நெருங்கும் ஆண்டில், நிலையான கழிவாகிய 75,000 போன பிறகு வரும் தொகையை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே வீத வரியை ஆதரிக்கும் சிந்தனையாளர்களில் பலர், அக்கா சொல்வதுபோல் முதல் ரூபாயிலிருந்தே வரி வாங்கச் சொல்வதில்லை. ஒரு தொகை வரை முழு விலக்கு, அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே வீதம் என்பதே அவர்கள் முன்வைக்கும் வடிவம். 1994இல் 26 சதவீத ஒரே வீதத்துக்கு மாறிய எஸ்டோனியாவிலும் விலக்குத் தொகை உண்டு. உங்கள் மூவருக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். தம்பி இப்போதுபோலவே ஒன்றும் கட்டாதிருக்க 10 லட்சம் வரை விலக்கு என்று வையுங்கள். வரிக்குரிய பகுதி உங்களுக்கு 10 லட்சம், அக்காவுக்கு 30 லட்சம், மொத்தம் 40 லட்சம். அதே 9,80,000 வர வேண்டுமானால் வீதம் 24.5 சதவீதமாக வேண்டும். நீங்கள் 2,45,000, அக்கா 7,35,000 கட்டுவீர்கள்.

இந்த முடிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, வீதம் ஒன்றே ஒன்றாக இருந்தும் இந்த வரி வளர்வீத வரிதான். தம்பிக்கு 0, உங்களுக்கு 12.25, அக்காவுக்கு ஏறத்தாழ 18.4 என்று சராசரி வீதம் வருமானத்தோடு ஏறுகிறது. ஒரு வரி வளர்வீத வரியா என்பதை ஸ்லாபுகளின் எண்ணிக்கையைக் கொண்டு சொல்ல முடியாது. சராசரி வீதம் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, இப்போதைய முறையைவிட அக்காவுக்கு 45,000 குறைகிறது, அதே 45,000 உங்களுக்கு ஏறுகிறது. கீழே இருப்பவரை விலக்கால் காப்பாற்றி, மேலே இருப்பவருக்கு உச்ச வீதத்தைக் குறைத்தால், மிச்சத்தைத் தாங்குவது நடுவில் இருப்பவர்தான். வேறு எண்களை வைத்தாலும் பொதுவாக இந்தப் போக்கே தெரியும். நடுத்தர வருமானக்காரர்கள் ஒரே வீதத் திட்டம் எதையும் ஆதரிப்பதற்கு முன் தங்கள் வரியைத் தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நாடு முழுமைக்கும் எவ்வளவு வீதம் தேவைப்படும் என்பது எந்த வருமானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மூவருக்கு வந்த 14ஐயும் 24.5ஐயும் இந்தியாவுக்குரிய எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரஷ்யாவின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே வீத வரிக்கு மிக அதிகமாகக் காட்டப்படும் சான்று அதுதான். அங்கே 2001க்கு முன் 12, 20, 30 என்று மூன்று வீதங்கள் இருந்தன. அந்த ஆண்டு எல்லாம் 13 சதவீதமாக்கப்பட்டன. அடிமட்டத்தில் 12 சதவீதம் கட்டியவருக்கு அது ஒரு சதவீதப் புள்ளி ஏற்றம். உச்சத்தில் இருந்தவருக்குப் பதினேழு சதவீதப் புள்ளி இறக்கம். பிறகு 2021இல் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபிளுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 15 சதவீதம் என்று இரண்டாவது வீதம் வந்தது. 2025 முதல் 13 தொடங்கி 22 வரை ஐந்து வீதங்கள் நடைமுறையில் இருக்கின்றன. வருவாய் தேவைப்பட்டபோது அந்த அரசு திரும்பி வந்தது வளர்வீத வரிக்கே.

எளிமைக்காகவாவது ஒரே வீதம் வேண்டும் என்பார்கள். வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து தருவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. வரிப்படிவத்தில் மிக எளிதான வேலை ஸ்லாப் கணக்குதான். மேலே உங்களுடையதைச் சில வாக்கியங்களிலேயே முடித்தோம். எது வருமானம், எது அல்ல, எந்தச் செலவைக் கழிக்கலாம், எந்த வருமானம் எந்த வகையில் சேரும் என்பவற்றில்தான் நேரமும் தகராறும் போகின்றன. வீதம் ஒன்றானாலும் அந்தக் கேள்விகள் அப்படியே இருக்கும்.

வகை என்பது சாதாரணச் சிக்கலும் அல்ல. நம்முடைய வருமான வரிக்குள்ளேயே ஒரே வீத வரி ஒன்று வாழ்ந்துகொண்டிருக்கிறது. பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு, முதல் 1,25,000 ரூபாய் போக, யாராக இருந்தாலும் 12.5 சதவீதம்தான். அக்காவின் 40 லட்சத்தில் சம்பளம் 20 லட்சமாகவும் இத்தகைய பங்கு லாபம் 20 லட்சமாகவும் இருந்தால், சம்பளத்துக்கு 2,00,000, லாபத்துக்கு 2,34,375, மொத்தம் 4,34,375 ஆகும். சராசரி வீதம் 19.5இலிருந்து ஏறத்தாழ 10.9க்கு இறங்கிவிடுகிறது. 20 லட்சம் சம்பளம் வாங்கும் நீங்கள் கட்டுவது 10 சதவீதம். உங்களைப்போல் இரண்டு மடங்கு வருமானமுள்ளவர் கிட்டத்தட்ட உங்கள் வீதத்திலேயே கட்டுகிறார். அதே 40 லட்சத்தை முழுவதும் சம்பளமாகப் பெறும் உங்கள் அக்கா, அவரைவிட 3,45,625 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். அக்காவுக்கு வருத்தம் இருக்குமானால் அதற்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன். தம்பிக்கும் உங்களுக்கும் எதிராக அவர் வைக்கும் வாதத்தைவிட, ஒரே அளவு வருமானமுள்ள இருவரில் சம்பளக்காரர் மட்டும் ஏன் இவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற கேள்வி பலமானது.

மூவரும் உங்கள் உண்மையான எண்களில் இதைச் சரிபார்க்க விரும்பினால், படிவம் 16இன் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்த வருமானம், அதற்கான வரி, தள்ளுபடி, செஸ் ஆகியவை தனித்தனி வரிசைகளில் இருக்கும். தள்ளுபடி கழித்து, செஸ் சேர்ப்பதற்கு முன் உள்ள தொகையை மொத்த வருமானத்தால் வகுத்தால் ஒவ்வொருவரின் சராசரி வீதம் கிடைக்கும். மூவரின் வரியையும் கூட்டி, மூவரின் வருமானக் கூட்டுத்தொகையால் வகுத்தால், உங்கள் குடும்பத்துக்குள் அதே வசூலைத் தரும் ஒரே வீதம் கிடைக்கும். சம்பளம் தவிர வட்டி, வாடகை, பங்கு லாபம் ஏதேனும் இருந்து, அதை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால் படிவம் 16இல் அது இருக்காது. அப்போது தாக்கல் செய்த வரிக் கணக்கில் உள்ள எண்களை வைத்தே வகுக்க வேண்டும்.